எதைப் படிப்பது? – ஒரு சிந்தனை

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி ஒருத்தி

"நீ என்ன ஆகப் போகிறாய்?"

பத்தாம் வகுப்பில் காலடி வைத்த நாள் முதல் இந்தக் கேள்வியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்றால் கேட்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கேட்கிறார்கள். சில தோழியர் "டாக்டர்" என்றோ "கலெக்டர்" என்றோ சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். என்னைப் போன்ற பலருக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொன்னாலோ, "இன்னும் ஒரு லட்சியம் இல்லையா?" என்று இரக்கத்தோடு பார்க்கிறார்கள்.

லட்சியம் முடிவாகாத ஒரு பெண், கல்லூரியில் எந்தப் பாடத்தை முதன்மையாகவும் எவற்றைத் துணையாகவும் எடுக்க வேண்டும்? இதுவே என் கட்டுரையின் பொருள். கல்லூரிக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்க, பத்தாம் வகுப்பு மாணவிக்கு இது எதற்கு என்று பெரியோர் எண்ணலாம். சென்ற ஆண்டுக்கு முந்திய கோடை விடுமுறையில் என் அக்கா கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியபோது எங்கள் வீட்டில் நடந்ததை அருகில் இருந்து பார்த்தவள் நான். அன்று நான் அறிந்துகொண்டதை என் வகுப்புத் தோழியரும் அறிய வேண்டும் என்ற ஆவலால் எழுதுகிறேன்.

முதலில் பட்டப்படிப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்நாட்டில் மூன்றாண்டு பட்டப்படிப்பில் தமிழோ வேறு மொழியோ முதற் பகுதி. ஆங்கிலம் இரண்டாம் பகுதி. மூன்றாம் பகுதிதான் நாம் பெயர் சொல்லிச் சேரும் பாடம். அதைத்தான் 'மேஜர்' என்கிறோம். அந்த மேஜரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு துணைப்பாடங்கள் வரும். இவற்றை 'அலைடு' என்பார்கள். பெரும்பாலும் முதலாண்டில் ஒரு துணைப்பாடம், இரண்டாம் ஆண்டில் இன்னொன்று. மூன்றாம் ஆண்டு முழுவதும் மேஜருக்கே. இயற்பியல் எடுத்தால் கணிதமும் வேதியியலும் துணையாக வரும். விலங்கியல் எடுத்தால் தாவரவியலும் வேதியியலும் வரும். வேதியியல் எடுப்பவர்களுக்கு மட்டும் சில கல்லூரிகளில் ஒரு சலுகை உண்டு. இயற்பியலோடு கணிதத்தை எடுக்கலாம், அல்லது கணிதத்திற்குப் பதிலாக விலங்கியலையோ தாவரவியலையோ எடுக்கலாம்.

எங்கள் பாட்டியின் நாளிலும் இந்த ஏற்பாடு இருந்ததாம். பாட்டி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் மேல்நிலைப் பள்ளி கிடையாது. நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி வந்ததே 1978-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பள்ளியில் பதினோரு ஆண்டு படித்துவிட்டு, கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி. படித்து, அதன்பின் பட்டப்படிப்பில் சேர வேண்டும். பாட்டி 1974-இல் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்தார். அப்போது துணைப்பாடத்தை 'ஆன்ஸிலரி' என்பார்களாம். "மேஜருக்காக ஒருத்தியும் அழமாட்டாள். ஆன்ஸிலரிக்காக அழாதவளும் இருக்கமாட்டாள்" என்று பாட்டி சிரிப்பார். பின்னாளில் அவர் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் முழுவதையும் எடுக்க வேண்டி வந்தபோது, அன்று அழுதுகொண்டே படித்த வேதியியல்தான் கைகொடுத்ததாம்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அக்கா மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் சேர்ந்த பிரிவில் படித்தவள். நல்ல மதிப்பெண்தான், ஆனால் மருத்துவத்திற்கோ பொறியியலுக்கோ போகும் எண்ணம் அவளுக்கு இல்லை. வேதியியல் பரிசோதனைக்கூடம் பிடிக்கும். ஒருநாள் ஆசிரியை ஆகலாம் என்பாள். மறுநாள் மருந்துக் கம்பெனியில் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம் என்பாள். கம்ப்யூட்டர் படித்தால் என்ன என்றும் தோன்றும். உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சியும் இழுக்கும். அப்பாவுக்கோ வங்கித் தேர்வோ அரசுத் தேர்வோ எழுதி ஒரு நிலையான உத்தியோகம் பெற வேண்டும் என்று ஆசை. ஆக, ஐந்து 'ஒருவேளை'கள்.

விண்ணப்பத்தில் கட்டம் இருப்பதோ ஒன்றுதான். அக்கா மூன்று சேர்க்கைகளுக்கு நடுவே தவித்தாள். முதலாவது, வேதியியல் மேஜர், துணைக்குக் கணிதமும் இயற்பியலும். இரண்டாவது, வேதியியல் மேஜர், துணைக்கு விலங்கியலும் இயற்பியலும். மூன்றாவது, உயிர்வேதியியல் மேஜர். மூன்றாவதை அம்மாவின் சிநேகிதி ஒருவர் சொல்லியிருந்தார். "பெயரே புதுசா இருக்கு, அதுக்குத்தான் இப்போ மவுசு" என்பது அவர் வாதம். இரண்டாவதை எடுக்க அக்காவின் உயிர்த்தோழி முடிவு செய்திருந்தாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரலாம் அல்லவா!

மூன்று நாள் வீட்டில் விவாதம் நடந்தது. கடைசியில் பாட்டி ஒரு கோடிட்ட தாளைக் கொண்டுவரச் சொன்னார். "கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறார் இல்லையா? நீ உட்காராமலே அழுதுகொண்டிருக்கிறாய். உட்காரு" என்றார்.

தாளின் மேலே மூன்று சேர்க்கைகளையும் எழுதினாள். இடது ஓரத்தில் ஐந்து 'ஒருவேளை'களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி. அந்தப் படிப்பு அந்த வேலைக்கு வழிவிட்டால் 'சரி'. வழியை அடைத்தால் 'பெருக்கல்'. தெரியாவிட்டால் கேள்விக்குறி. கேள்விக்குறி போட்ட இடங்களையெல்லாம் அப்பா கல்லூரிகளின் தகவல் ஏடுகளைப் பார்த்தும் நேரில் விசாரித்தும் நிரப்பினார்.

முதல் வரிசை, வங்கியும் அரசுத் தேர்வும். பட்டதாரிகளுக்கான வங்கித் தேர்வுகளும், தமிழ்நாடு தேர்வாணையத்தின் முதல் தொகுதி, இரண்டாம் தொகுதித் தேர்வுகளும், ஐ.ஏ.எஸ். தேர்வும், பொதுவாக 'ஏதேனும் ஒரு பட்டம்' என்றே கேட்கின்றன. இரண்டாம் தொகுதியில் குறிப்பிட்ட பட்டம் கேட்கும் சில பதவிகள் உண்டு, மற்றவை எல்லாருக்கும் பொது. மூன்றாண்டு சட்டப் படிப்பும் எம்.பி.ஏ. படிப்பும் அப்படித்தான். ஆகவே மூன்று கட்டங்களிலும் 'சரி' விழுந்தது. அப்பாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் பாட்டி, "எல்லாக் கட்டத்திலும் 'சரி' விழுந்த வரிசையை அடித்துவிடு. நீ எதை எடுத்தாலும் அந்தக் கதவு திறந்துதான் இருக்கும். அதை நினைத்து இன்று ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, இப்படி அடித்துவிட வேண்டிய வரிசையைப் பற்றியே நடக்கிறது.

இரண்டாவது, கம்ப்யூட்டர். எம்.ஸி.ஏ. படிப்புக்குக் கணிதம் வேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். அதற்காகவே கணிதத்தைத் துணைப்பாடமாக எடுத்துத் தீர வேண்டும் என்று அக்கா நினைத்திருந்தாள். விதியைப் படித்துப் பார்த்தால், மேல்நிலை வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது. அக்கா மேல்நிலையிலேயே கணிதம் படித்துவிட்டாள். ஆகவே அங்கும் மூன்று 'சரி'. அந்த வரிசையும் அடிபட்டது!

மூன்றாவது, ஆசிரியைப் பணி. பி.எட். படித்துப் பள்ளியில் வேலைக்குப் போக, நம் பட்டம் பள்ளியில் உள்ள ஒரு பாடத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வேதியியலுக்குச் சந்தேகமே இல்லை. உயிர்வேதியியல் பெரும்பாலான பள்ளிகளில் தனிப்பாடமாக இல்லை. ஆகவே அது எந்தப் பாடத்திற்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். முதல் இரண்டுக்கும் 'சரி', மூன்றாவதற்குக் கேள்விக்குறி.

நான்காவது, மருந்துக் கம்பெனி ஆய்வகம். அதற்குப் பட்டத்தோடு நில்லாமல் எம்.எஸ்ஸி. வேதியியல் படிப்பது நல்லது என்று தெரிந்தது. வேதியியல் மேஜர் எடுத்தவர்களுக்கே அங்கே இடம். அதிலும், துணைப்பாடம் கணிதமா, இயற்பியலா என்று கேட்கும் இடங்களும் உண்டு. முதலாவதற்குச் 'சரி', இரண்டாவதற்குக் கேள்விக்குறி, மூன்றாவதற்குப் 'பெருக்கல்'.

ஐந்தாவது, உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி. எம்.எஸ்ஸி. உயிர்வேதியியலுக்கு உயிர்வேதியியல் பட்டதாரிகளைச் சேர்ப்பார்கள். வேதியியல் பட்டதாரிகளையும் பல இடங்களில் சேர்ப்பார்கள், ஆனால் விலங்கியலோ தாவரவியலோ துணையாகப் படித்திருக்க வேண்டும் என்று கேட்பது உண்டு. இங்கே முதலாவதற்குக் கேள்விக்குறி, மற்ற இரண்டுக்கும் 'சரி'.

இப்போது தாளைப் பாருங்கள். ஐந்து வரிசையில் இரண்டு அடிபட்டன. மூன்றாவது சேர்க்கையில் ஒரு பெருக்கலும் ஒரு கேள்விக்குறியும் விழுந்தன. முடிவாகாத ஒருத்திக்கு அது குறுகலான பாதை என்று தெரிந்தது. முடிவு செய்தவளுக்கு அதுவே நேரான பாதையாக இருக்கலாம். அதைக் குறை சொல்லவில்லை. மிஞ்சியது ஒரே கேள்வி. வேதியியலுக்குத் துணையாகக் கணிதமா, விலங்கியலா? "நான் என்ன ஆவேன்?" என்று மலையாய் நின்ற கேள்வி இவ்வளவு சிறிதாகிவிட்டது. பெரிய கேள்விக்கு அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. இதற்குச் சொல்ல முடியும் அல்லவா?

பதில் சொல்லுமுன் இன்னொரு பரீட்சை நடந்தது. பக்கத்துத் தெருவில் அதே கல்லூரியில் படித்த ஓர் அக்காவிடம் பழைய வினாத்தாள்கள் இரண்டை வாங்கி வந்தோம். ஒன்று துணைப்பாடக் கணிதம், மற்றது துணைப்பாட விலங்கியல். கணிதத் தாளில் அணிகள், தொகையீடு, லாப்லாஸ் உருமாற்றம் என்று இருந்தன. விலங்கியல் தாளில் உடலமைப்பு, படம் வரைந்து பாகம் குறித்தல், வாழ்க்கைச் சுழற்சி ஆகியவை. அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். விடை தெரிகிறதா என்று பார்க்கவில்லை. பாடம் நடத்தாமல் விடை தெரியாதுதானே? உட்கார முடிகிறதா, புத்தகத்தைப் புரட்டி அடுத்த வரி என்ன என்று தேட மனம் வருகிறதா என்று பார்த்தாள். விலங்கியலில் நேரம் போனதே தெரியவில்லை. கணிதத்தில் அரை மணியில் பெருமூச்சு வந்தது. ஆனாலும் அணிகள் பகுதியில் ஒரு கணக்கைப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டு முடித்துவிட்டாள்.

இதைக் கேட்டால் விலங்கியலை எடுத்திருப்பாள் என்றுதான் நினைப்பீர்கள். அவள் கணிதத்தை எடுத்தாள். காரணம் கேட்டபோது சொன்னாள்: "விலங்கியலை நானே புத்தகம் வாங்கிப் படிச்சிடுவேன்டி. கணக்கை யாரும் சொல்லித் தராம நானா படிக்க மாட்டேன். பிற்பாடு வேதியியலிலேயே கணக்கு வருமாம். அப்போ யார்கிட்டே போய் நிப்பேன்?" அவள் சொன்னது சரிதான் என்று பின்னர் தெரிந்தது. மேல்வகுப்பில் இயல்வேதியியலில் வெப்ப இயக்கவியலும் குவாண்டம் கொள்கையும் வருகின்றன. நுண்கணிதமும் அணிகளும் தெரியாமல் அவற்றை மனப்பாடம் செய்யலாமே தவிர, புரிந்துகொள்ள முடியாது.

இந்தக் கதையிலிருந்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மேஜரை மனம் பார்த்து எடுக்க வேண்டும். துணைப்பாடத்தை வாசல் பார்த்து எடுக்க வேண்டும். மேஜர் மூன்றாண்டும் கூடவே வருவது. மழை நாளிலும், தலைவலி நாளிலும், தோழியோடு சண்டை போட்ட நாளிலும் அதைத்தான் படிக்க வேண்டும். பிடிக்காத மேஜரை எதிர்கால வேலைக்காகச் சுமந்தால், அந்த வேலையே பிறகு வேண்டாம் என்று தோன்றும்போது கையில் என்ன மிஞ்சும்? துணைப்பாடமோ ஓராண்டுக்குத்தான். ஓராண்டு கஷ்டப்பட்டால் ஒரு வாசல் அடைபடாமல் இருக்கும் என்றால், அந்தக் கஷ்டத்தைத் தாங்கலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. இரண்டையும் நான் மறைக்க விரும்பவில்லை.

முதல் மறுப்பு, "அப்படியானால் எல்லாரும் கணிதத்தையே எடுத்துவிடலாமே" என்பது. கணிதப் பட்டதாரி பல கல்லூரிகளில் எம்.ஏ. பொருளாதாரத்தில் சேரலாம். பொருளாதாரப் பட்டதாரி எம்.எஸ்ஸி. கணிதத்தில் சேர முடியாது. ஒரு பக்கம் திரும்பலாம், மறுபக்கம் திரும்ப முடியாது என்பது உண்மை. ஆனால் திறந்த வாசலுக்கும் வாடகை உண்டு. என் அக்கா முதல் பருவத்தில் கணித உள்தேர்வு ஒன்றில் தோற்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. பாட்டிதான் மாலைதோறும் பக்கத்தில் உட்கார வைத்தார். பாட்டிக்கு அந்தக் கணக்குத் தெரியாது, உட்கார வைக்க மட்டும் தெரியும்! அதோடு இரண்டு மாதம் டியூஷனும் வைத்து, பருவத் தேர்வில் தேறினாள். உதவிக்கு ஆளில்லாத ஒரு பெண் இதே பாடத்தில் 'அரியர்' மேல் அரியர் வைத்திருந்தால், பட்டமே தள்ளிப் போயிருக்கும். துணைப்பாடத்திலும் தேறாமல் பட்டம் கிடையாது. ஆகவே வாசலைப் பார்க்கும்போதே நம் காலையும் பார்க்க வேண்டும். பழைய வினாத்தாளோடு ஒரு மணி நேரம் உட்காருவது அதற்குத்தான். அந்த ஒரு மணியில் ஒரு கணக்கைக்கூடப் புத்தகத்தின் உதவியோடு முடிக்க முடியாதவள், "ஸ்கோப்" என்ற சொல்லுக்கு மயங்கிக் கணிதத்தை எடுக்கக் கூடாது என்பது என் தாழ்மையான எண்ணம்.

இரண்டாம் மறுப்பு பெற்றோரிடமிருந்து வருவது. "குறிக்கோள் இல்லாமல் பணம் கட்டுவதா?" என்கிறார்கள். கட்டணம் கட்டுவது அவர்கள். ஆகையால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்பு கூர்ந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். பயந்துபோய் "டாக்டர்" என்று சொல்லிவிட்ட பெண்ணுக்கும், தாளில் ஐந்து வரிசை எழுதி இரண்டை அடித்தவளுக்கும், யாருக்கு அதிகத் தெளிவு? குறிக்கோள் முடிவாகாததும், யோசிக்காமல் இருப்பதும் ஒன்றாகா. பெற்றோர் "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்த வாசலை நீ அடைக்க விரும்பவில்லை?" என்று கேட்டால், எங்களாலும் வாய் திறந்து பதில் சொல்ல முடியும்.

தகுதி விதிகளைப் படிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். அப்பா விசாரித்து வந்தபோது நான் கவனித்தது இது. விதிகளில் மூன்று விதமான சொற்கள் வருகின்றன. 'ஏதேனும் ஒரு பட்டம்' என்றால் கவலை இல்லை. 'முதன்மைப் பாடமாக' என்றால் மேஜரே அதுவாக இருக்க வேண்டும், துணைப்பாடம் போதாது. 'ஒரு பாடமாக' என்றால் பெரும்பாலும் துணைப்பாடமே போதும். இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல், ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லிக் கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. நான்காவதாக 'அல்லது அதற்கு இணையான' என்று ஒரு சொல் வரும். பட்டத்தின் பெயர் புதுமையாக இருந்தால் அங்கேதான் இடறும். இணையா, இல்லையா என்பதை நாமே ஊகிக்கக் கூடாது, எழுத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், சேரும் ஆண்டின் தகவல் ஏட்டையே பார்ப்பது நல்லது.

சேர்ந்த பின் மனம் மாறினால் என்ன செய்வது? கல்லூரி திறந்த முதல் சில வாரங்களில், இடமிருந்தால், மாற்றிக் கொடுப்பது உண்டு. உள்தேர்வுகள் தொடங்கிவிட்டால் மாற்றுவது மிகக் கடினம். ஆகவே அந்த முதல் வாரங்களில் துணைப்பாட வகுப்புகளைத் தவறவிடாமல் போய்ப் பார்க்க வேண்டும். பலர் மேஜர் வகுப்பில் கருத்தாக இருந்துவிட்டு, துணைப்பாட வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தவறு தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

இனி, என் வகுப்புத் தோழியரே, இது நமக்கு எப்படிப் பொருந்தும் என்று சொல்லி முடிக்கிறேன். அக்காவுக்கு எம்.ஸி.ஏ. வரிசையில் மூன்று 'சரி' விழுந்தது எதனால்? அவள் பதினோராம் வகுப்பில் கணிதத்தை விடாததால். எங்களுக்குத் தெரிந்த இன்னொரு அக்கா, கணக்குக்குப் பயந்து, கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் சேர்ந்தார். விலங்கியல் பட்டமும் நல்ல முறையில் பெற்றார். அதன்பின் கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசை வந்தபோது, மேல்நிலையிலும் கணிதம் இல்லை, துணைப்பாடத்திலும் இல்லை. வழி அடைபட்டிருந்தது. துணைப்பாடமாகக் கணிதம் எடுக்கலாம் என்றாலும், மேல்நிலையில் படித்தவர்களைத்தான் அதற்கும் பெரும்பாலும் சேர்க்கிறார்கள். அவர் இப்போது விலங்கியலிலேயே மேற்படிப்பு படிக்கிறார், மகிழ்ச்சியாகவும் இருக்கிறார். ஆனால் அந்த வாசல் பதினைந்து வயதில், அவர் அறியாமலே அடைபட்டது. அறிந்தே அடைத்திருந்தால் எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வருகிற கோடையில் நாம் பிரிவு தேர்ந்தெடுக்கப் போகிறோம். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு அதிக வாசல்களைத் திறந்து வைக்கும், அதிகப் பாரமும் தரும். வணிகவியல் எடுப்பவர்களும், வரலாறு எடுப்பவர்களும் தங்கள் தாளைத் தாங்களே வரைந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு என் அக்காவின் தாள் பொருந்தாது. வரிசைகளை எழுதும் முறை மட்டுமே பொருந்தும்.

நம் தலைமை அருட்சகோதரி அவர்களுக்கு ஒரு பணிவான விண்ணப்பம். கல்லூரிகளில் படிக்கும் நம் பழைய மாணவியர், தங்கள் துணைப்பாடங்களின் பாடத்திட்டத்தையும் ஒரு பழைய வினாத்தாளையும் பள்ளி நூலகத்திற்குக் கொடுத்தால், ஒரு கோப்பில் வைத்துவிடலாம். பரிசளிப்பு விழாவில் அவர்கள் வந்து தங்கள் வெற்றியைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு மகிழ்ச்சிதான். அந்தக் கோப்பு அதைவிட அதிகமாக உதவும்.

என் அக்கா இப்போது இரண்டாம் ஆண்டு, துணைப்பாட இயற்பியல் படிக்கிறாள். என்ன ஆகப் போகிறாள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஆசிரியை என்கிறாள், ஆய்வகம் என்கிறாள். கோவில் வாசலில் யாராவது கேட்டால் மட்டும் இப்போது தலைகுனிவதில்லை. "இன்னும் மூன்று வரிசை இருக்கிறது, ஆன்ட்டி" என்கிறாள். கேட்டவருக்குப் புரிவதில்லை. எனக்கும் பாட்டிக்கும் புரிகிறது.

நானும் ஒரு கோடிட்ட தாளை எடுத்து வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் இதுவரை நான்கு வரிசை எழுதியிருக்கிறேன்.